ஓடும்போது விலாவில் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது

ஓட ஆரம்பித்த புதிதில் பெரும்பாலானவர்களுக்கு இந்த அனுபவம் வந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் நன்றாகப் போயிருக்கும், கால் வலிக்காது, மூச்சும் பெரிதாக வாங்காது, திடீரென்று வலது விலா எலும்புக்குக் கீழே சுருக்கென்று ஒரு குத்து. அடுத்த பத்து அடியில் அது இறுக்கிப் பிடிக்கும், மூச்சை இழுத்தால் கத்தி வைத்த மாதிரி இருக்கும், கை தானாக இடுப்புக்கு மேலே போய் அழுத்திக்கொள்ளும். பள்ளிக்கூட மைதானத்தில் "விலாவுல பிடிச்சுக்கிச்சு சார்" என்று நின்ற பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். ஓட்டக்காரர்கள் சைடு ஸ்டிச் என்பார்கள். நான் இங்கே விலாக்குத்து என்றே எழுதுகிறேன்.

இதை வீட்டில் சொன்னால் "வாயு பிடிச்சிருக்கும், ஓமத் தண்ணி குடி" என்பார்கள். மைதானத்தில் சொன்னால் "ஸ்டாமினா பத்தலை" என்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் தப்பு. எனக்கு ஏழு வருடம் ஓடிய பிறகும் எப்போதாவது வரும். என்னைவிட வேகமாக ஓடுகிறவர்களுக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் டேரன் மார்ட்டன், ராபின் காலிஸ்டர் என்ற இருவர் இந்த ஒரு வலியையே பல வருடமாக ஆராய்ந்தவர்கள். அவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருடத்தில் இந்த வலி வந்ததாகச் சொன்ன ஓட்டக்காரர்கள் நூற்றுக்கு எழுபது பேர். சிட்னியில் நடக்கும் 14 கி.மீ. ஓட்டம் ஒன்றில் கேட்டபோது, அன்றைக்கு ஓடியும் நடந்தும் முடித்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வந்திருந்தது. ஆக, வந்துவிட்டதே என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீண்ட நாள் பழகியவர்களுக்குக் கொஞ்சம் அரிதாக வரும், வயது ஏற ஏறவும் குறையும், அவ்வளவுதான்.

வலிப்பது எது?

நுரையீரல் இல்லை. கல்லீரலும் இல்லை. முன்பு உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு, ரத்தம் போதாமல்தான் வலிக்கிறது என்று நம்பினார்கள். ஆனால் குதிரை மேல், ஒட்டகம் மேல் சவாரி செய்கிறவர்களுக்கும் இதே வலி வருகிறது. அவர்களுக்கு அப்படி ஒன்றும் மூச்சு வாங்குவதில்லை, குலுக்கல்தான் அதிகம். சரி, அப்படியானால் குலுக்கலில் உறுப்புகளைத் தாங்கும் நார்கள் இழுபடுவதுதான் காரணம் என்று இன்னொரு விளக்கம் வந்தது. அதற்கும் ஒரு சிக்கல் இருக்கிறது: தண்ணீரில் நீந்துகிறவர்களுக்கு இந்த வலி ஓட்டக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு வருகிறது. நீச்சலில் ஏது குலுக்கல்? அங்கே இருப்பது உடம்பை முறுக்கித் திருப்புவதுதான்.

இன்றைக்கு அதிகம் பொருந்துவதாகத் தெரிகிற விளக்கம் வயிற்றின் உள்ளே இருக்கிற ஒரு மெல்லிய உறை பற்றியது. பெரிட்டோனியம் என்பார்கள். வேட்டியை இரண்டாக மடித்தமாதிரி இரண்டு அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உறுப்புகளைச் சுற்றியிருக்கிறது, இன்னொன்று வயிற்றுச் சுவரின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது, நடுவே வழுக்குவதற்கு ஒரு துளி நீர். உடம்பு குலுங்கும்போதும் முறுகும்போதும் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உரசுகிறது. இரைப்பை நிரம்பிப் புடைத்திருந்தால் உரசல் கூடும். வெளி அடுக்கில் வலி உணரும் நரம்புகள் நிறைய, அதுவும் இடத்தைத் துல்லியமாகச் சொல்கிற நரம்புகள். வயிற்று வலி என்றால் நாம் உள்ளங்கையால் வட்டம் போட்டுக் காட்டுவோம், விலாக்குத்துக்கு மட்டும் ஒற்றை விரலை வைத்து "இங்கே" என்று காட்டுகிறோமே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சிலருக்கு விலாவோடு சேர்த்துத் தோள்பட்டை நுனியிலும் வலிக்கும். உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை மூடியிருக்கும் உறைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதால் மூளை அந்த வலியைத் தோளில் இருப்பதாக வாசிக்கிறது.

இதுவும் நூற்றுக்கு நூறு நிரூபணமான விஷயம் இல்லை. ஆனாலும் இதை மனதில் வைத்தால் நடு ஓட்டத்தில் செய்யவேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும்: குலுக்கலைக் குறை, உரசலைக் குறை, வயிற்றுச் சுவருக்குக் கொஞ்சம் ஆதாரம் கொடு.

வலி வந்த அந்த நிமிடம்

முதல் வேலை, இது விலாக்குத்துதானா என்று பார்ப்பது. மூன்று கேள்வி போதும். விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடமா? விலா எலும்பின் கீழ் விளிம்பிலோ அதற்குச் சற்றுக் கீழே பக்கவாட்டிலோ இருக்கிறதா? வேகத்தைக் குறைத்தால் வலியும் குறைகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மேலே படியுங்கள். வலது பக்கம்தான் அதிகம் பேருக்கு வரும், இடது பக்கம் வந்தாலும் பயப்படவேண்டாம்.

நடு நெஞ்சில் பாரமாக அழுத்துகிறது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, தலை சுற்றுகிறது என்றால் அது விலாக்குத்து இல்லை. அங்கேயே நின்றுவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. அடிவயிற்றில் வலது பக்கம் வலி நிலையாக இருந்து, நின்ற பிறகும் கூடிக்கொண்டே போனாலும் மருத்துவரைப் பார்க்கவேண்டும். விலாக்குத்தின் குணமே நீங்கள் ஓட்டத்தை நிறுத்தியதும் அதுவும் சில நிமிடங்களில் அடங்குவதுதான். அடங்காதது வேறு ஏதோ.

சரி, விலாக்குத்துதான். இப்போது புதியவர்கள் இரண்டு விதமாகச் செய்வார்கள். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடுவது. இன்னொன்று, டக்கென்று நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது. முதலாவதில் வலி வளர்ந்து கடைசியில் எப்படியும் நிற்கவேண்டி வரும், அப்போது அடங்க அதிக நேரம் எடுக்கும். இரண்டாவதில் ஆபத்து இல்லை, ஆனால் முக்கால்வாசி நேரம் அது தேவையே இல்லை. வலி லேசாக இருக்கும்போதே பிடித்தால் ஓடிக்கொண்டே சரிசெய்துவிடலாம். அதனால் முதல் சுருக்கு வந்ததுமே வேலையை ஆரம்பியுங்கள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள்.

வேகத்தை எவ்வளவு குறைப்பது என்று கேட்பார்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற அளவுக்கு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் ஓடுகிறவர் என்றால் எட்டரைக்கு வந்துவிடுங்கள். அடியையும் சின்னதாக்குங்கள், குதித்துக் குதித்துப் போகாமல் தரையோடு தேய்க்கிற மாதிரி, பாதம் தரையில் விழும் சத்தம் குறைய வேண்டும். சத்தம் குறைந்தால் குலுக்கல் குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மூச்சு. வலி வந்ததும் எல்லாரும் நெஞ்சின் மேல்பாகத்தில் மட்டும் குட்டிக் குட்டியாக மூச்சு விட ஆரம்பித்துவிடுகிறோம், அது இயல்பு, ஆனால் உதவாது. மூக்கு, வாய் எதுவானாலும் சரி, வயிறு முன்னால் தள்ளும்படி ஆழமாக இழுங்கள். விடும்போது உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவதுபோல, நிதானமாக விடுங்கள். இழுக்க எடுத்த நேரத்தைவிட விட எடுக்கிற நேரம் அதிகமாக இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று மூச்சில் இழுக்கும்போது குத்தும், பரவாயில்லை, குத்துகிற இடம்வரைக்கும் இழுத்தால் போதும்.

மூச்சோடு சேர்த்துக் கை. நடு மூன்று விரல்களையும் சேர்த்து, வலிக்கிற இடத்தில் வைத்து, மூச்சை வெளியே விடும்போது உள்ளேயும் சற்று மேலேயும் அழுத்துங்கள், இழுக்கும்போது தளர்த்துங்கள். நகம் பதிகிற அளவுக்கு வேண்டாம், பழுத்த மாம்பழத்தைச் சோதிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் போதும். அழுத்தும்போது மேலுடம்பை லேசாக முன்னால் சாயுங்கள். நியூசிலாந்தில் 1999இல் வந்த ஒரு ஆய்வில், முன்னால் குனிவது, வயிற்றைச் சுற்றி அகலப் பட்டையை இறுக்குவது, உதட்டைக் குவித்து மூச்சு விடுவது ஆகிய மூன்றும் வலியைக் குறைத்ததாகக் கண்டார்கள். மொபைல் வைக்கிற இடுப்புப் பெல்ட் கட்டி ஓடுகிறவர்கள் அதை வலிக்கிற இடத்துக்கு ஏற்றி ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாம். எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது, பார்ப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

இப்படிப் பத்துப் பதினைந்து மூச்சு. ஒரு நிமிடம் சொச்சம் ஆகும். பாதிக்கு மேல் குறைந்திருந்தால் அதே மெதுவான வேகத்தில் இன்னும் இரண்டு நிமிடம் போய், அப்புறம் மெல்ல ஏற்றுங்கள்.

குறையவில்லையா, நடந்துவிடுங்கள். நடந்துகொண்டே வலிக்கிற பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே நன்றாக உயர்த்தி, எதிர்ப்பக்கம் சாயுங்கள். வலது விலா என்றால் வலது கை மேலே, உடம்பு இடப்பக்கம். விலாப்பக்கம் விரிவதை உணர்ந்ததும் அப்படியே மூன்று மூச்சு இருங்கள். அதிலும் அடங்காவிட்டால் ஓரமாக நின்று, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, வயிற்றைத் தளர்த்தி ஐந்தாறு நீண்ட மூச்சு. கால்களைப் பரப்பி நிற்கவேண்டும்.

மறுபடி ஓடலாமா என்பதற்கு ஒரே சோதனை: நின்ற இடத்தில் முழு மூச்சு இழுங்கள். குத்தவில்லை என்றால் ஒரு நிமிடம் நடந்து, மெதுவாக ஓடத் தொடங்குங்கள். குத்தினால் இன்னும் நடை. விட்ட நேரத்தைப் பிடிக்கிறேன் என்று பழைய வேகத்துக்குத் தாவினால் இரண்டாவது முறை வரும், இரண்டாவது முறை வந்தது அன்றைக்குச் சுலபத்தில் போகாது.

இங்கே ஒரு விஷயம். வலது விலா வலித்தால் இடது கால் தரையில் விழும்போது மூச்சை விடு என்று ஒரு உபாயம் சொல்வார்கள். கல்லீரலின் பாரத்தை வைத்து அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் காலை எண்ணி எண்ணி மூச்சு விடும்போது மூச்சு தானாக நிதானத்துக்கு வருகிறது, அந்த வகையில் பலன் இருக்கலாம். பிடித்தால் செய்யுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த மூன்றும்

எங்களோடு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிற தம்பி ஒருவர், இருபத்து நான்கு வயது, ஓட ஆரம்பித்து மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவைத்தமாதிரி மூன்றாவது கிலோமீட்டருக்குள் விலாவில் பிடித்துக்கொள்ளும். "அண்ணா, எனக்கு லங்ஸ் வீக் போல" என்றார். நான் அன்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டேன். நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறார். ஐந்தே காலுக்கு இரண்டு வாழைப்பழம், கூடவே அரை லிட்டர் பாட்டிலில் நாலு கரண்டி குளுக்கோஸ் கலந்து ஒரே மூச்சில் காலி. ஐந்தரைக்கு ஓட்டம் தொடக்கம். வழக்கமாக அவர் வேகம் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் நிமிடம், அன்று வாட்ச்சில் முதல் கிலோமீட்டர் ஐந்து நாற்பது. காற்று நன்றாக இருந்தது, முன்னால் போன கூட்டத்தைப் பிடித்துவிட்டாராம். வலி வந்தது 2.6 கி.மீ.யில்.

மேலே சொன்ன வரிசையைத்தான் கூடவே ஓடிச் செய்யவைத்தேன். ஒன்பது நிமிட வேகத்துக்கு இறக்கி, விரலை அழுத்தி, டீ ஊதுகிற மூச்சு. பத்துக்கு ஏழு என்று சொன்ன வலி ஒரு நிமிடத்தில் ஐந்து. பிறகு நகரவில்லை. நடக்கவைத்து, வலது கையைத் தூக்கிச் சாயவைத்தேன், இரண்டு நிமிடத்தில் இரண்டு. இன்னும் ஒரு நிமிடம் நடை, முழு மூச்சு குத்தவில்லை. மீதியைக் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்தில் ஓடி முடித்தார், மறுபடி வரவில்லை.

காரணம் மூன்று இருக்கலாம்: பழம், குளுக்கோஸ் தண்ணீர், ஆரம்ப வேகம். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்று தெரியாது. அதனால் வாரம் ஒன்றாக மாற்றச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வேகத்தை மட்டும் குறைத்தார், முதல் கிலோமீட்டர் ஏழேகால், குளுக்கோஸும் பழமும் அப்படியே. நாலாவது கிலோமீட்டரில் வலி வந்தது, பத்துக்கு நாலு. அதற்கடுத்த வாரம் அதே நிதான வேகம், பழமும் உண்டு, குளுக்கோஸுக்குப் பதில் எழுந்தவுடன் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர், கிளம்புமுன் இரண்டு மடக்கு. எட்டு கிலோமீட்டரும் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் வேண்டுமென்றே வேகமாகத் தொடங்கச் சொன்னேன், தண்ணீர் மட்டும் குடித்த வயிறோடு. லேசாக ஒரு சுருக்கு வந்தது, வேகத்தைக் குறைத்ததும் போனது. அவருக்குப் பெரிய குற்றவாளி சர்க்கரைத் தண்ணீர், வேகம் துணைக்கு வந்தது, வாழைப்பழம் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரை அதிகமான பானங்கள், குறிப்பாகப் பழச்சாறு, விலாக்குத்தைக் கிளப்புவதாக மார்ட்டன் குழுவினர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை கெட்டியாக இருந்தால் இரைப்பையிலிருந்து இறங்கத் தாமதமாகும், வயிறு புடைத்தபடியே ஓடுகிறோம். நம் ஊர் ஓட்டங்களில் வழியில் டெட்ரா பேக் மாம்பழச் சாறு கொடுப்பார்கள், அதை ஓட்டம் முடிந்த பிறகு குடியுங்கள். ஓட்டத்தின் நடுவே தாகமெடுத்தால் வாய் நிறைய இரண்டு மடக்கு தண்ணீர், பத்து நிமிடம் கழித்து வேண்டுமானால் இன்னும் இரண்டு. ஒரு பாட்டிலைக் கவிழ்க்கிற வேலை வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி என்பார்கள். எனக்கு இட்லி இரண்டு மணி நேரத்தில் ஒத்துக்கொள்ளும், வெண்பொங்கலுக்கு நாலு மணி நேரம் ஆனாலும் போதாது. மாலையில் ஓடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டையும் நாலு மணி பஜ்ஜியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். உங்கள் வயிற்றுக்கு எது என்று கண்டுபிடிக்க, வலி வந்த நாட்களில் மட்டும் மொபைலில் ஒரு வரி போதும்: என்ன சாப்பிட்டேன், எப்போது, என்ன குடித்தேன், முதல் கிலோமீட்டர் எவ்வளவு, வலி எத்தனையாவது கிலோமீட்டரில். ஐந்தாறு வரி சேர்ந்ததும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்.

சாப்பாட்டையும் வேகத்தையும் சரிசெய்த பிறகும் விடாமல் வருகிறதென்றால் முதுகைப் பாருங்கள். மேல்முதுகு கூன் போட்டிருப்பவர்களுக்கு இது அதிகம் வருவதாகவும் பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்துவிட்டு அப்படியே ஓடப் போகிறவர்கள், கிளம்புமுன் நாற்காலியின் முதுகுச் சாய்வில் மேல்முதுகை வைத்துப் பின்னால் வளைந்து பத்து முறை, இரண்டு பக்கமும் திரும்பிப் பத்து முறை செய்துவிட்டுப் போகலாம். வலி வந்து குனிவது வேறு, கூன் போட்டே ஓடுவது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடுமையாக வந்த நாளுக்கு மறுநாள், சிலருக்கு இரண்டு மூன்று நாள்கூட, அந்த இடம் அடிபட்ட மாதிரி தொட்டால் வலிக்கும். அது தானாகப் போகும், மெதுவாக ஓடத் தடையில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் வலி, காய்ச்சல், வாந்தி, ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருவது, இதில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தம்பி இப்போது பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறார். குளுக்கோஸ் டப்பாவை அலுவலக நண்பருக்குக் கொடுத்துவிட்டார். போன வாரம் அந்த நண்பர் முதல்முறையாக எங்களோடு ஓட வந்து, இரண்டாவது கிலோமீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.